செப்டம்பர் 2025 கொள்முதல் பில்கள்: எடுத்த விவரங்களும் நேரில் சரிபார்க்க வேண்டியவையும்

அனுப்புநர்: கவிதா, கணக்குப் பிரிவு
பெறுநர்: கணக்கு மேலாளர்
நாள்: 09.10.2025
இணைப்பு: `Sep25_Purchase_Extract_v2.xlsx`, 214 பில்களின் ஸ்கேன் நகல்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செப்டம்பர் மாதத்தில் நம் பனியன் யூனிட்டுக்கு வந்த நூல், சாயம், அட்டைப்பெட்டி, தையல் நூல், லாரி வாடகை ஆகிய பில்கள் மொத்தம் 214. அவற்றை ஸ்கேன் செய்து, மென்பொருள் வழியாக விவரங்களை எடுத்து, இத்துடன் அனுப்பியுள்ளேன். இவற்றின் வரிக்கு முந்தைய மதிப்பு ₹1,43,55,275. இதில் 171 பில்கள், அதாவது ₹1,12,48,360 மதிப்புள்ளவை, கூட்டல், வரிக் கணக்கு, ஜிஎஸ்டி எண் வடிவம் ஆகிய மூன்று சோதனைகளிலும் சரியாக வந்தன. மீதமுள்ள 43 பில்களில் (₹31,06,915) ஏதாவது ஒரு விவரத்தையாவது காகிதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அந்தக் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, காரணத்தைப் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் எழுதியுள்ளேன். எனக்கு உறுதியாகத் தெரியாத எதையும் ஊகித்து நிரப்பவில்லை; அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் கவனத்துக்கு வர வேண்டியது வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கும் நான்கு பில்கள் (வரிசை 31, 76, 102, 159). இவற்றில் அச்சாகியுள்ள எண்ணும் நம் சப்ளையர் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றல்ல. மூன்றில் ஓர் இலக்கம் மட்டுமே மாறியிருப்பதால் ஸ்கேன் பிழையாக இருக்கலாம். ஆனால் வரிசை 102-இல் உள்ள நூல் பில் மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக வந்தது. எழுத்துகள் தெளிவாக உள்ளன. கணக்கு எண்ணோடு வங்கியும் கிளையும்கூட மாறியுள்ளன. தொகை ₹5,89,000, 5% வரியோடு ₹6,18,450. ஆகஸ்ட் வரை இதே மில்லுக்கு நாம் வேறு வங்கிக் கணக்கில்தான் செலுத்தி வந்தோம். கணக்கை மாற்றியதாகக் கடிதம் எதுவும் கோப்பில் இல்லை. பில்லில் உள்ள கைபேசி எண்ணை அழைக்காமல், நம் பதிவேட்டில் பழைய நாளிலிருந்து இருக்கும் எண்ணை அழைத்து நீங்களே பேசிய பிறகுதான் இந்தத் தொகையை விடுவிக்க வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை இந்த நான்கையும் பணம் செலுத்தும் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஜிஎஸ்டி எண்ணில் 14 பில்கள் நிற்கின்றன. ஓ என்ற ஆங்கில எழுத்தும் பூஜ்யமும், எஸ்ஸும் ஐந்தும் மென்பொருளுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. 15 இடங்களில் பெரும்பாலானவற்றில் எழுத்து வர வேண்டுமா, எண் வர வேண்டுமா என்பது வடிவத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றைத் திருத்திவிட்டேன். 13-ஆம் இடத்திலும் கடைசி இடத்திலும் இரண்டுமே வரலாம் என்பதால் அங்கு திருத்தவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணை இட்டு, வரும் பெயர் பில்லின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன். இதற்கு உங்கள் நேரம் தேவையில்லை.

பில் எண்ணில் 9 உள்ளன. முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடுகிறது. சாய்கோடு சில இடங்களில் ஒன்று என்ற இலக்கமாக மாறியுள்ளது. 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் ஒப்பிடும்போது, எண் ஒத்துப்போகாவிட்டால் உள்ளீட்டு வரி வராதது போலத் தோன்றும். வரிசை 54, 55 இரண்டும் ஒரே பில்லாக இருக்குமோ என்று ஐயப்படுகிறேன். ஒன்று காகிதமாகவும் மற்றொன்று மின்னஞ்சலிலும் வந்துள்ளன. ஒன்றில் 0341 என்றும் மற்றொன்றில் 341 என்றும் உள்ளது. இரண்டிலும் தொகை ₹74,340தான். நீங்கள் சொல்லும் வரை எதையும் நீக்கவில்லை.

ஆறு பில்களில் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. உதாரணமாக, செப்டம்பர் 5 என்ற தேதி மே 9 ஆகப் பதிவாகியுள்ளது. சிறுதொழில் சப்ளையர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், இந்தப் பிழை நம் நிலுவைப் பட்டியலையே புரட்டிவிடும்.

எட்டு பில்களில் மென்பொருள் சரியாகவே படித்துள்ளது. சிக்கல் பில்லில் உள்ளது. அட்டைப்பெட்டிக்கும் செயற்கை இழைத் தையல் நூலுக்கும் செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியிட்ட இந்தப் பில்களில் பழைய 12 சதவீதமே போடப்பட்டுள்ளது. வரிசை 187-இல் அட்டைப்பெட்டியின் மதிப்பு ₹86,400; வரி ₹4,320 இருக்க வேண்டிய இடத்தில் ₹10,368 உள்ளது. பட்டியல் காகிதத்தில் இருப்பதையே காட்ட வேண்டும் என்பதால் 12 என்றே விட்டுள்ளேன். ஒரு பில்லில் சரக்கு 19-ஆம் தேதியே வந்திருக்கிறது, பில் 24-இல் போடப்பட்டுள்ளது. இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பதால் அதற்கும் புதிய விகிதமே பொருந்தும் என்பது என் புரிதல். ஆடிட்டரிடம் உறுதி செய்துகொண்டு, கூடுதல் வரிக்கு கிரெடிட் நோட் கேட்கலாமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இரண்டு லாரி வாடகை ரசீதுகளில் முத்திரை எழுத்தின் மேலேயே விழுந்திருப்பதால், வரி நாம் கட்ட வேண்டியதா அவர்கள் கட்டுவதா என்ற வாசகத்தைப் படிக்க முடியவில்லை. லாரி ஆபீசில் நகல் கேட்டுள்ளேன்.

மேலே சொன்ன 171 பில்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனையில் தேறியதாலேயே அவை முழுவதும் சரி என்று நான் சான்று சொல்ல முடியாது. அவற்றில் 30 பில்களை எடுத்துக் காகிதத்தோடு ஒப்பிட்டதில் ஒன்றில் பிழை இருந்தது. ஒரு சாயப்பட்டறையின் கார்பன் நகலில் 412.350 கிலோ என்று கையால் எழுதியிருந்தது. ஒன்றின் தலையில் சிறு வளைவு இருந்ததால் அது ஏழாகி, 472.350 எனப் பதிவாகியிருந்தது. கிலோவுக்கு ₹96 வீதம் ₹39,585.60 என்ற தொகை சரியாக இருந்ததாலும், எடையையும் விலையையும் பெருக்கிப் பார்க்கும் சோதனையை நான் வைக்காததாலும் அது தப்பிவிட்டது. இது என் கவனக்குறைவு. அந்த எடையைத் திருத்திவிட்டேன், சோதனையையும் சேர்த்துவிட்டேன். ஆனால் கையெழுத்துப் பில்களை மட்டுமாவது முழுவதும் பார்க்காமல் விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவை 46 உள்ளன. எடை விஷயத்தில் நம் ஸ்டோர் டெலிவரி சலானே ஆதாரம் என்பதால், ஸ்டோரிலிருந்து ஒருவரை நாளை மதியம் மட்டும் அனுப்பினால் முடித்துவிடலாம்.

3பி தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி தீபாவளி நாள். 17-ஆம் தேதிக்குப் பிறகு ஆடிட்டர் அலுவலகத்திலும் ஆள் குறைந்துவிடும். ஆகவே, வங்கிக் கணக்கு எண், 12 சதவீத பில்கள், இரட்டைப் பில் ஆகிய மூன்றில் உங்கள் முடிவைத் திங்கட்கிழமை (13-ஆம் தேதி) மாலைக்குள் தெரிவித்தால், 14-ஆம் தேதி 2பி வந்ததும் ஒப்பிட்டு, 16-ஆம் தேதி இறுதிப் பட்டியலை ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவேன். அதுவரை இந்தப் பட்டியலை டேலியில் ஏற்ற வேண்டாம் என்று பதிவுப் பிரிவிடமும் சொல்லியுள்ளேன்.

மூலப் பில்கள் வரிசை எண்படி நீல நிறக் கோப்பில், என் மேசையின் இடது இழுப்பறையில் உள்ளன.

இப்படிக்கு,
கவிதா
கணக்கு எழுத்தர், கணக்குப் பிரிவு