அறை சுத்தம், சந்தகை அருமை, முகூர்த்தத்தன்று தண்ணீர் இல்லை (5க்கு 3)

கோவை காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது இந்த ஹோட்டல். சித்தப்பா மகன் கல்யாணத்துக்காகக் கோபியிலிருந்து வந்து, சனி, ஞாயிறு இரண்டு இரவு தங்கினோம். நான், என் வீட்டுக்காரர், பையன், எங்கள் அம்மா என்று நாலு பேர். மூன்றாம் மாடியில் ஏசி அறை, கூடுதல் மெத்தையும் காலை டிபனும் சேர்த்து ஓர் இரவுக்கு 2,400 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தை மாத முகூர்த்த நாளில் காந்திபுரத்தில் இந்த விலைக்கு அறை கிடைத்ததே பெரிது.

முதலில் சுத்தம். கதவைத் திறந்ததும் பினாயில் வாடையோ, ஏசியின் பூஞ்சை வாடையோ இல்லை. விரிப்பு வெள்ளையாக, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆனால் எங்கள் அம்மா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பார். அங்கே ஒரு முழம் காய்ந்த மல்லிகைச் சரம் கிடந்தது. குளியலறைக் கண்ணாடியில் யாரோ விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டு இரண்டு. ஒரு தலையணை உறையில் தேங்காய் எண்ணெய்க் கறை. போன் செய்ததும் அக்கா ஒருவர் வந்து, முகம் சுளிக்காமல் உறையை மாற்றி, கட்டிலை நகர்த்திப் பெருக்கிவிட்டுப் போனார். கழிவறையும் துண்டுகளும் குறை சொல்ல முடியாத சுத்தம். கரப்பான், மூட்டைப்பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

இனி தண்ணீர். வந்தவுடன் ரிசப்ஷனில், "எங்ககிட்ட சிறுவாணித் தண்ணிங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். அம்மா ஜக்கில் இருந்ததை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது கேன் தண்ணி" என்று வைத்துவிட்டார். அவருக்கு நாக்கிலேயே மீட்டர் உண்டு. குடிக்க அது பரவாயில்லை. குளிக்க வருவது சந்தேகமில்லாமல் போர் தண்ணீர்தான். குழாய் வாயில் உப்புப் பூத்திருக்கிறது, ஷவரில் பாதித் துளை அடைப்பு, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. ஊரில் பவானித் தண்ணீரிலேயே குளித்துப் பழகிய எங்களுக்குத் தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது. சுடுதண்ணீர் சோலாரில் வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கை வைக்க முடியாத சூடு.

ஞாயிறு அதிகாலையில்தான் வினை. முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30க்குள். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் முறையில் செய்யும் இணைச்சீர் எனக்கு என்பதால் 5 மணிக்கெல்லாம் கணபதியில் இருக்கும் மண்டபத்தில் நிற்க வேண்டும். நாலு மணிக்குத் தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கிறேன், ஷவர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. வாளியில் அரை வாளிகூட இல்லை. வீட்டுக்காரர் ரிசப்ஷனுக்குப் போன் போட்டால், "கரண்ட் போயிருச்சுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்கிறார்கள். அறையில் லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, டிவியில் சிவப்புப் புள்ளி மின்னுகிறது! எனக்குக் கோபம் வந்தது தண்ணீர் நின்றதற்குக்கூட இல்லை, இந்தப் பதிலுக்குத்தான்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அங்கே இரவு டூட்டியில் இருந்த இன்னொரு தம்பி, இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், உண்மையைச் சொல்லிவிட்டார். "ராத்திரி மோட்டார் போடாம விட்டுட்டாங்கண்ணா. மேல் டேங்க் காலி. இப்பத்தான் போட்டிருக்கு, ஆனா பைப்புல காத்து அடைச்சிருக்கும், மூணாவது மாடிக்கு உடனே ஏறாது. நீங்க மேல போங்க, நான் கொண்டாறேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். சம்ப்பிலிருந்து பச்சைத் தண்ணீர், டிபன் போட அப்போதுதான் அடுப்புப் பற்றவைத்திருந்த சமையல்கட்டிலிருந்து கொதிக்கும் தண்ணீர். லிப்டில் ஏற்றி நாலு நடை. கடைசி நடையில், "பாட்டிக்கு இது தனியா வெச்சிருக்கேங்க்கா, ரொம்பச் சூடு, கலந்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினார். அந்த அறையிலும் கல்யாணக் கூட்டம்தான். குழாயில் தண்ணீர் வந்தபோது மணி 5.10. நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தது 5.35. சித்தி முறைத்தார், சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்தலையோடுதான் கூறைச் சேலை கட்டினேன். அந்தத் தம்பிக்கு வீட்டுக்காரர் நூறு ரூபாய் நீட்டியபோது, "எங்க தப்புக்கு நீங்க காசு குடுக்கிறதாங்கண்ணா" என்று வாங்க மறுத்துவிட்டார்.

மத்தியானம் திரும்பியதும் மேனேஜரைப் பார்த்தேன். முதலில் அவரும், "முகூர்த்த நாள்ல எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல குளிப்பாங்க, தண்ணி இழுக்கத்தான் செய்யும்" என்று சுற்றி வளைத்தார். முகூர்த்த நாள் என்பது காலண்டரில் வருடம் முழுக்க அச்சடித்து இருக்கிறதே, திடீரென்று வருவதா என்று கேட்டேன். கரண்ட் இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அந்தப் போனை எடுத்தவரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே விசாரித்தார். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்காமலேயே பில்லில் 500 ரூபாய் குறைத்தார்கள். வரியோடு 5,040 வரவேண்டியது 4,515 ஆனது. இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இரவு ஒன்பதரைக்கு மேனேஜரே போன் செய்து, டேங்க் நிறைந்திருக்கிறது, மூன்று மணிக்கு மறுபடி மோட்டார் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். குளியலறையில் ஒரு பெரிய டிரம்மும் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. திங்கள் காலை தண்ணீர் ஒழுங்காக வந்தது. சோலார் மட்டும் அந்த நேரத்துக்கு வெதுவெதுப்போடு சரி. தைப் பனியில் வயதானவர்களுக்கு அது போதாது, கீசர் இல்லாதது குறைதான்.

டிபன் 7 மணிக்கு ஆரம்பம். ஞாயிறு மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டோம், அதனால் திங்கள் ஒரு வேளைதான் எனக்குத் தெரியும். பிரெட், ஜாம், கார்ன்பிளேக்ஸ் பக்கம் யாரும் போகவில்லை, அது இருப்பதும் பேருக்குத்தான். இட்லி சுமார், பொங்கலில் மிளகு இருந்த அளவுக்கு நெய் இல்லை. சந்தகை மட்டும் தனி ரகம். எடுத்தால் உதிராமல், தொட்டால் ஒட்டாமல் அவ்வளவு மெதுவாக இருந்தது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஒரு பக்கம், எலுமிச்சை தாளித்தது இன்னொரு பக்கம். பையன் மூன்று தடவை வாங்கினான். "அம்மிச்சி செய்யறதவிட நல்லாருக்கு" என்று அம்மா காதுபடவே சொன்னான். சந்தகைக் கட்டையில் பிழிந்து பிழிந்து தோள் போன அம்மா, "அப்ப இனிமே இங்கயே வந்து தின்னுக்க" என்றார். எட்டரைக்கு மேல் போனால் சந்தகை தீர்ந்துவிடுகிறது, பார்த்து இறங்குங்கள். காபி டிகாக்‌ஷன் காபிதான், ஆனால் ஆறிப்போய் வருகிறது. கேட்டால் சூடு செய்து தருகிறார்கள்.

சாலைப் பக்க அறைகளில் பஸ் ஹாரன் விடிய விடியக் கேட்கும், பின்பக்க அறை கேளுங்கள். முகூர்த்த நாளில் வருகிறவர்கள் முந்தின இரவே இரண்டு வாளியும் நிரப்பி வையுங்கள். நான் அடுத்த தடவை வந்தாலும் இங்கேதான் தங்குவேன், முதல் மாடியில்.