கெம்புக்கல் ஜிமிக்கி, மைக்ரோ கோல்டு பிளேட்டிங் – ஜோடி ₹420

பித்தளையில் செய்து மைக்ரோ தங்க முலாம் பூசியது. உயரம் 4 செ.மீ., ஜோடி 18 கிராம். கல் கண்ணாடிக்கல்தான், மாணிக்கம் அல்ல.

முதல் மூன்று படங்கள் காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுத்தவை. நிஜ நிறம் அதுதான். நான்காவது மண்டப விளக்கில் எடுத்தது, அதில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு உண்டு. கவரிங் போட்டால் காது அரிக்கும், புண்ணாகும் என்பவர்களுக்கு இது வேண்டாம். தண்டில் நெயில் பாலிஷ் தடவிச் சமாளிக்கலாம் என்பார்கள். அது சீக்கிரமே உரிந்துவிடும்.

சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்துக் காய்ந்த அப்புறம் மாட்டுங்கள். கழற்றியதும் வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி, ஜிப் கவரில் வையுங்கள். புளி, எலுமிச்சை, பற்பசை போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். தினசரி போட்டால் சீக்கிரம் கறுக்கும், விசேஷங்களுக்குத்தான் சரி.