செக்கிங் டேபிளிலிருந்து நான்கு விண்ணப்பங்கள்: கடிதங்களின் தொடக்க வரிகள்

ஏற்றுமதி பனியன் கம்பெனி, தரக் கட்டுப்பாட்டு மேலாளர் வேலைக்கு

வணக்கம் சார். உங்கள் விளம்பரத்தில் இருந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது: குறை இருந்தால் சரக்கை நிறுத்தும் அதிகாரம் இந்தப் பொறுப்புக்கு உண்டு என்று போட்டிருந்தீர்கள். திருப்பூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன், செக்கிங் டேபிளில் ஆரம்பித்து இப்போது இறுதி ஆய்வுக்குப் பொறுப்பு. அந்த அதிகாரத்தை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை, இருந்தாலும் மூன்று முறை சரக்கை நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட், 3,000 பீஸ், மறுநாள் இரவு தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும். ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏழு குறை வரை பாஸ். எனக்குக் கிடைத்தது ஆறுதான், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஆறும் ஒரே குறை, கழுத்து ரிப்பைக் கொஞ்சம் இழுத்தாலே தையல் விட்டுப்போகிறது, அதுவும் ஆறு பீஸும் ஒரே பவர் டேபிளில் தைத்தவை. பண்டில் நம்பரைப் பிடித்து அந்த டேபிளில் தைத்த 400 பீஸை மட்டும் தனியாகப் பிரித்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம், 137 பீஸைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க டெய்லர்களும் கூட உட்கார்ந்தார்கள். லாரி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவள் உங்களுக்குத் தேவை என்றால், மீதியையும் படியுங்கள்.

சாயப்பட்டறை லேப், ஷேடு சரிபார்க்கும் வேலைக்கு

வணக்கம். முதலில் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன்: சாய ரெசிபி போட எனக்கு வராது. ஷேடு பார்க்க வரும். லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போகும் நேவி, டிஎல்84-க்கு மாற்றியதும் சிவப்படிக்கும். அந்தத் துண்டை ஓகே பண்ணி அனுப்பினால் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டை ஒரு நிறம், ரிப் ஒரு நிறம் என்று நிற்கும். நான்கு வருடமாக ஒவ்வொரு லாட்டிலும் துண்டு வெட்டி, தேதி எழுதி, ஃபைலில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேர்காணலுக்கு வரும்போது எந்த லாட்டைக் கேட்டாலும் அதை ஏன் பாஸ் பண்ணினேன், ஏன் திருப்பி அனுப்பினேன் என்று சொல்ல முடியும்.

இந்த வேலை எனக்கு ஏன் முக்கியம் என்றால், 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடியபோது என் அப்பா ஒரு பட்டறையில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதங்கள் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷேடு தப்பி ஒரு லாட்டை மறுபடி சாயம் போட்டால் அந்தத் தண்ணீர் அத்தனையும் மறுபடி சுத்திகரிப்புக்குப் போக வேண்டும், உப்பைப் பிரிக்க வேண்டும், அதற்குக் கரண்டும் விறகும் செலவு. முதல் தடவையே ஷேடு சரியாக வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

பையிங் ஆபீஸ், வெளியூர் ஆய்வாளர் வேலைக்கு

வணக்கம் மேடம். மாதத்தில் 20 நாள் வெளியூர் என்று போட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் தயார், வீட்டிலும் பேசிவிட்டேன். பனியன் துணியில் எந்த ஃபேக்டரிக்கும் நாளைக்கே தனியாகப் போய் ரிப்போர்ட் எழுதுவேன். கரூர் பக்கத்துப் படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் எனக்குப் புதிது, முதல் இரண்டு ஆய்வுக்கு அனுபவமுள்ள ஒருவருடன் அனுப்பினால் போதும்.

தையல் பயிற்சி மையம், செக்கிங் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு

வணக்கம் அய்யா. எனக்கு ஆசிரியர் சான்றிதழ் கிடையாது. ஆனால் நான் கற்றுக்கொடுத்த 14 பெண்கள் இன்றைக்கு வெவ்வேறு கம்பெனிகளில் செக்கராக இருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், வந்த புதிதில் எங்களுக்குள் பொதுவான பாஷையே இல்லை. அதனால் சொல்லிக் கொடுக்காமல் செய்து காட்டப் பழகினேன். துணியை வட்டக் கட்டரில் வெட்டி, தராசில் வைத்து, 1.8 கிராம் என்று காட்டினால் 180 ஜிஎஸ்எம் என்று விரலால் எழுதிக் காட்டுவேன்; அப்புறம் மொட்டை பிளேடு போட்ட கட்டரில் அதே துணியை வெட்டச் சொல்வேன், ஓரம் பிசிறி எடை மாறும், அவர்களே முகத்தைச் சுளித்து பிளேடை மாற்றக் கேட்பார்கள். ஒரு நாள் வகுப்பு கொடுத்துப் பாருங்கள். கட்டரும் தராசும் நானே கொண்டு வருகிறேன், நீங்களும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம்.