நூறு கிராம்

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு ஓய்ந்தது. பொரி மூட்டை பாதி காலி. பரணிலிருந்து அப்பாவின் தராசை இறக்கினேன். வருஷா வருஷம் துணியால் ஒரு துடைப்பு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாளே ஏற்றிவிடுவதுதான் வழக்கம். அப்பா தவறிய பிறகு வரும் முதல் பூஜை இது என்பதால் இந்த முறை நன்றாகவே தேய்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வீட்டில் சபீனா பொடி கொடுத்தாள். நான் புளிதான் கேட்டேன். பித்தளைக்குப் புளிக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் தடவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடக் கூடாது. ஊறினால் மஞ்சள் போய் செம்பு மாதிரி சிவந்துவிடும். தேய்த்ததும் கழுவி, ஈரம் ஒட்டத் துடைத்து, கடைசியில் விபூதியால் ஒரு தேய்ப்பு. தண்டின் நடு ஆணிப் பக்கம் மட்டும் புளித்தண்ணீர் போகக் கூடாது. அது இரும்பு, துருப்பிடித்தால் முள் ஆடாது. எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான்.

முதல் தட்டின் உள்பக்கம் கறுப்பு விலக விலக, வட்ட வட்டமாய்க் கீறல்கள் தெரிந்தன. ஒரு கிலோ, அரைக்கிலோ, இரண்டு கிலோ என்று ஒவ்வொரு படிக்கல்லும் தன் அடிப்பாகத்தை அதில் வரைந்து வைத்திருந்தது. ஆக, அது கல் வைக்கிற தட்டு. இன்னொன்று வழவழவென்று இருந்தது. முப்பது வருஷம் பருப்பும் உளுந்தும் சரிந்து சரிந்து மெருகேறிய தட்டு.

அந்த வழவழப்புத் தட்டைக் கவிழ்த்துத் தேய்க்கும்போது விரலில் ஏதோ இடறியது. அழுக்குக் கட்டி என்று நினைத்து ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். அரக்கு பொடிந்து விழுந்தது. உள்ளே ஒரு ஈயத்துண்டு.

சரக்குத் தட்டுக்கு அடியில் ஈயம்.

கடைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்குத் தட்டு அடியில் கனமாக இருந்தால் அந்த அளவுக்குச் சரக்கு குறையும். என் எலக்ட்ரானிக் தராசில் போட்டுப் பார்த்தேன். பத்து கிராம் காட்டியது. பத்து கிராம்தானே என்று சொல்லலாம். ஒரு நாளைக்கு நூறு நிறுவை என்றால் ஒரு கிலோ.

அப்போது எனக்குப் பத்து வயசு. தபாலாபீஸ் தெரு ஆச்சி, வாங்கிப்போன உளுந்தைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்து, "உன் தராசு பொய்த் தராசு, நூறு கிராம் குறையுது" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மூட்டையிலிருந்து உளுந்தை அள்ளி, நூறு கிராம் நிறுத்து, அவள் பையில் போட்டார். அவ்வளவுதான்.

அந்த மௌனத்தை நான் இத்தனை வருஷமும் ஒரே மாதிரிதான் புரிந்துவைத்திருந்தேன். தப்புச் செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறான்? இப்போது அதற்குச் சாட்சி மாதிரி ஈயம் என் உள்ளங்கையில் கிடந்தது. தேய்க்கிற துணியைக் கீழே போட்டுவிட்டேன். பரணில் ஏற்றிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் கடைக்காரன் புத்தி. நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாது. கொக்கியில் தொங்கவிட்டேன், ஈயம் இல்லாமல், வெறும் தட்டுகளோடு. முள் நடுவில் நிற்கும் என்று பார்த்தால், கல் தட்டுப் பக்கம் சாய்ந்தது.

மறுபடி தொட்டு ஆட்டிவிட்டேன். மறுபடி கல் தட்டுதான் இறங்கியது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தட்டுக்கு மூன்று சங்கிலி. கல் தட்டில் இரண்டு மெல்லிசு, ஒன்று மட்டும் தடிமன். முனையில் கம்பி சுற்றியிருந்தது.

அந்தச் சங்கிலியை அறுத்தது நான்தான். மூன்றாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்த நேரத்தில் தட்டில் ஏறி ஊஞ்சல் ஆடினேன். அறுந்து விழுந்து முழங்கை பெயர்ந்தது. கட்டுப் போட்ட கையோடு நான் படுத்திருக்க, அப்பா எங்கிருந்தோ கிடைத்த சங்கிலியை மாட்டியிருக்கிறார். அது கனமாகப் போக, எதிர்த்தட்டில் ஈயத்தை ஒட்டிச் சமன் செய்திருக்கிறார்.

ஈயத்தை மெழுகால் ஒட்டித் தொங்கவிட்டேன். முள் நேராக நின்றது. அதோடு விடவில்லை. ஒரு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ கடலை போட்டு, பிறகு கல்லைச் சரக்குத் தட்டிலும் கடலையை எதிரிலுமாக மாற்றி வைத்தேன். கள்ளத் தராசு இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கவில்லை.

முறையான வேலை இல்லைதான். முத்திரை ஆய்வாளர் பார்த்திருந்தால் தராசைத் தள்ளிவிட்டு அபராதம் எழுதியிருப்பார். சங்கிலியை ஒழுங்காக மாற்றக் காசில்லையா, நேரமில்லையா, தெரியாது. அன்றைக்கு ஏழெட்டுப் பேர் முன்னால் தட்டைத் தூக்கிக் காட்டினால் ஈயம்தான் கண்ணில் பட்டிருக்கும். சங்கிலிக் கணக்கை யார் நின்று கேட்பார்கள்?

சாயங்காலம் அந்த ஆச்சியே வந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கைத்தடியும் மஞ்சள் பையுமாகப் படியேறினாள்.

"சுண்டலுக்குக் கொண்டக்கடலை அரைக்கிலோ போடுப்பா" என்றவள், பளபளவென்று தொங்கிய தராசை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பன் தராசுல்ல இது?"

"ஆமா ஆச்சி. நீங்க பொய்த் தராசுன்னு சொன்னீங்களே, அதேதான்."

சொல்லியிருக்கக் கூடாது. வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. தட்டைக் கவிழ்த்து ஈயத்தைக் காட்டினேன், சங்கிலியைக் காட்டினேன், கல்லை மாற்றி வைத்தும் காட்டினேன். பொரி வாங்க நின்ற பையன் கடை மாறிப் போய்விட்டான்.

ஆச்சி முழுக்கக் கேட்டாள். அப்புறம் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இதை எதுக்குய்யா எனக்கு வெளக்குற? அன்னைக்கு வீட்டுக்குப் போனப்பவே தெரியும். எங்க வீட்டுப் பொடிசு ஒரு கை உளுந்தை அள்ளிச் சொப்புல வச்சு வெளையாடிக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வந்து சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? அத்தனை பேரு முன்னால கத்திப்புட்டு... கூட நூறு கிராம் வேற வாங்கிட்டேன். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். உங்கப்பன் ஒண்ணும் கேக்கல. எப்பவும்போல 'வாங்க ஆச்சி'ன்னாரு."

நான் ஒன்றும் பேசாமல் கடலையை அள்ளினேன்.

"அதுலயே நிறு" என்றாள், பித்தளைத் தராசைக் காட்டி.

"அதுல நிறுத்து விக்கக் கூடாது ஆச்சி. முத்திரை இல்ல."

எலக்ட்ரானிக் தராசில் பையை வைத்துக் கடலையைக் கொட்டினேன். ஆச்சி எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முந்நூற்றைம்பது. முந்நூற்றெண்பது. நானூறு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். முடிச்சுப் போடு."

"அரைக்கிலோ கேட்டீங்களே?"

"அரைக்கிலோவுக்குக் காசை எடுத்துக்க" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள்.