லேபர் ரூமில் மாலை நேர போஸ்டிங் கேட்டு மேட்ரனுக்குக் கடிதம்

அனுப்புநர்:
முதல்வர்,
செவிலியர் கல்லூரி,
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்:
மேட்ரன் அவர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

நாள்: 5.1.2026

பொருள்: மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்கு லேபர் ரூம், போஸ்ட்நேட்டல் வார்டில் கூடுதல் கிளினிக்கல் இடம் கோருதல்.

மதிப்புக்குரிய மேட்ரன் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாணவிகளுக்கு உங்கள் மருத்துவமனையில் இடம் கொடுத்து, உங்கள் சிஸ்டர்களின் பொறுமையையும் கொடுத்து வருகிறீர்கள். முதலில் அதற்கு நன்றி.

எங்கள் ஆறாம் செமஸ்டர் மாணவிகள் 48 பேருக்கும் பிப்ரவரி 2 முதல் மார்ச் 28 வரை எட்டு வாரம் மிட்வைஃபரி போஸ்டிங். இப்போதைய ஏற்பாட்டில் காலை 7.30 முதல் 1.30 வரை லேபர் ரூமில் நான்கு பேர், போஸ்ட்நேட்டல் வார்டில் ஆறு பேர். சுற்றுமுறை போட்டுப் பார்த்தால் ஒரு மாணவிக்கு லேபர் ரூமில் நான்கு நாள்தான் வருகிறது. அந்த நான்கு நாளும் காலைதான்.

காலை நேரம் மட்டும் போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். காலை ஒன்பது மணிக்கு நான்கு சென்டிமீட்டரில் ஒரு தாய் அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி பார்ட்டோகிராஃபைத் தொடங்குகிறாள். அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத்துடிப்பு, வலி எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறிக்கிறாள். ஒரு மணிக்கு இரண்டாவது உட்பரிசோதனை. எல்லாம் ஒழுங்காகப் போனால் அப்போது எட்டு சென்டிமீட்டர் இருக்கும். ஒன்றரைக்கு அவள் கிளம்ப வேண்டும். தலை வெளியே வருவதையும், குழந்தை அழுவதையும், நஞ்சு பிரிவதையும், அப்புறம் ரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறதா என்று கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்ப்பதையும் அவள் பார்ப்பதில்லை. பார்ட்டோகிராஃப் பாதியில் நிற்கிறது. மறுநாள் வேறொரு தாய், வேறொரு பாதி. இப்படிப் பாதி பாதியாகக் கற்றவளை நாளை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவுப் பணிக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் நான் கேட்பது காலையில் இன்னும் சில இடம் அல்ல. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், மற்ற கல்லூரி மாணவிகள் என்று வார்டு ஏற்கெனவே நெரிசல். ஒரு தாயைச் சுற்றி ஐந்து பேர் நிற்பது அவருக்கும் கூச்சம், மாணவிக்கும் பயன் இல்லை. மதியம் 1.30 முதல் 7.30 வரை லேபர் ரூமில் நான்கு பேருக்கும் போஸ்ட்நேட்டல் வார்டில் ஆறு பேருக்கும் புதிதாக இடம் கொடுங்கள். அப்போது லேபர் ரூம் நாள் ஆளுக்கு எட்டாகும். அதைவிட முக்கியம், காலையில் பார்ட்டோகிராஃப் தொடங்கியவள் தேவைப்பட்டால் அந்தத் தாயோடு பிரசவம் வரை தங்கலாம். அன்று மதிய முறைக்கு வரவேண்டிய மாணவி மறுநாள் காலைக்கு மாறிக்கொள்வாள். இயன்றால், வெள்ளி, சனி இரவுகளில் லேபர் ரூமில் இரண்டு பேரை மட்டும் அனுமதியுங்கள். இதை நான் வற்புறுத்தவில்லை, உங்கள் சௌகரியம்.

மதிய முறையில் உங்கள் சிஸ்டர்கள் குறைவு என்பது தெரியும். அவர்கள் மேல் சுமை ஏற்றுவது நோக்கமல்ல. பத்து மாணவிகளுக்கு ஒரு ட்யூட்டர் என்ற கணக்கில், மிட்வைஃபரியில் அனுபவமுள்ள எங்கள் ட்யூட்டர் ஒருவர் முழு நேரமும் கூடவே இருப்பார்; இரவு என்றாலும் அப்படியே. இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லாமல் எந்த மாணவியும் எந்தத் தாயையும் தொட மாட்டாள். ஒரு தாய்க்கு ஒரு மாணவிதான், அதுவும் அந்தத் தாய் சம்மதித்தால் மட்டும். மாணவிகளை ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக வைக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்; ஆனால் வைட்டல்ஸ் பார்ப்பது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவுவது, வீட்டுக்குப் போகும் தாய்களுக்கு ஆபத்து அறிகுறிகளை எடுத்துச் சொல்வது போன்ற வேலைகளை மனமுவந்து செய்வார்கள்.

கையுறை, ஏப்ரன், முகக்கவசம் எல்லாம் கல்லூரிச் செலவு. எல்லோரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டவர்கள். மருத்துவக் கழிவைப் பிரிப்பது, ஊசி குத்தினால் என்ன செய்வது என்பதற்கு ஜனவரியிலேயே பயிற்சி கொடுத்துவிடுவோம். இரவு எட்டு மணிக்குக் கல்லூரி வேன் வாசலில் நிற்கும். கூடுதல் இடங்களுக்கான கிளினிக்கல் கட்டணத்தை இப்போதுள்ள விகிதத்திலேயே முன்பணமாகக் கட்டுகிறோம்.

மாணவிகள் பட்டியல், தடுப்பூசிச் சான்றுகள், வாராந்திரச் சுற்றுமுறை ஆகியவற்றை இணைத்துள்ளேன். முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டு சிஸ்டர்களுக்குச் சிரமம் என்று தோன்றினால், சொல்லுங்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறோம்.

பெயர்ப்பட்டியலை ஜனவரி 20-க்குள் முடிக்கவேண்டியிருப்பதால், அதற்கு முன் ஒரு நாள் நேரம் ஒதுக்கினால், மிட்வைஃபரி துறைத் தலைவரோடு நானே நேரில் வருகிறேன். லேபர் ரூம் இன்சார்ஜ் சிஸ்டரும் அப்போது உடன் இருந்தால் நல்லது. நடைமுறைச் சிக்கல் எங்கே வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முதல்வர்