ஹை பிரஷர்

நள்ளிரவு தாண்டியிருந்தது. சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் சர்வர் அறையில் வெப்பம் 34 டிகிரி. ஏ.சி. இயந்திரத்தின் திரையில் HIGH PRESSURE என்று சிவப்பு எழுத்து. ரீசெட் செய்தால் கம்ப்ரசர் உறுமிவிட்டு, சில நிமிடங்களில் மீண்டும் நின்றுவிடுகிறது.

“அண்ணா, சர்வர்களை அணைத்துவிடட்டுமா? ஆறு மணிக்குச் சம்பளக் கணக்கு ஓட வேண்டும்.”

“அவசரமில்லாதவற்றை மட்டும் அணை, தம்பி. கதவைத் திறந்து மின்விசிறியை வை.”

ஏ.சி. மெக்கானிக் செல்வம் மொட்டைமாடிக்கு ஏறினார். கேஸ் குறைந்திருந்தால் லோ பிரஷர் அல்லவா காட்டும்? வெப்பம் வெளியேறவில்லை என்றுதான் பொருள். கண்டென்சர் விசிறி முனகியது, சுழலவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இறக்கையைத் தள்ளினார். தடையின்றிச் சுழன்றது. மூடியைக் கழற்றினால், கெபாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது.

பையில் அதே 4 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று இருந்தது, நல்லவேளை. மாட்டியதும் விசிறி சீறியது. ஆனாலும் பிரஷர் கேஜ் முள் இறங்கத் தயங்கியது. கண்டென்சர் காயில் முழுக்கப் பக்கத்துக் கட்டுமானத்தின் தூசி! மறுபடி மின்சாரத்தை நிறுத்தி, உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினார். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

நான்கரைக்கு அறையில் 24 டிகிரி.

“இனி சர்வர்களைப் போடு, தம்பி. ஒவ்வொன்றாக. சம்பளக் கணக்கு முதலில்.”