மாநிலத் தடகளப் போட்டிக்கு விடுப்பு வேண்டுதல்

தாராவி, மும்பை
28.11.2025

அனுப்புநர்: முருகேசன், 9-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி கவிதாவின் தந்தை
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி, தாராவி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புணேயில் பாலேவாடி சிவ சத்திரபதி விளையாட்டு வளாகத்தில் நடைபெறும் மாநிலத் தடகளப் போட்டியில், 17 வயதுக்கு உட்பட்டோருக்கான 800 மீட்டர் ஓட்டத்துக்கு என் மகள் தேர்வாகியிருக்கிறாள். டிசம்பர் 3 முதல் 6 வரை (புதன் முதல் சனி வரை) அவளுக்கு விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். உடற்கல்வி ஆசிரியை உடன் செல்கிறார். தேர்வுக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

படிப்பு தடைப்படுமே என்ற கவலை எனக்கும் உண்டு. தமிழ், சமூக அறிவியல் பாடக் குறிப்புகளைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். கணக்கு அப்படியல்ல; ஒரு படி விட்டாலும் அடுத்தது புரியாது. கணக்கு ஆசிரியரிடம் பேசினோம். 8-ஆம் தேதி முதல் ஒரு வாரம், பள்ளி விட்டபின் அரைமணி நேரம் சொல்லித்தர அன்புடன் இசைந்திருக்கிறார். அதற்காக மாலைப் பயிற்சியை அவ்வாரம் நிறுத்திவைக்கிறோம். வெள்ளிக்கிழமை அறிவியல் செய்முறையை மட்டும் நோட்டைப் பார்த்து ஈடுசெய்ய முடியாது. மறுவாரம் ‘ஆ’ பிரிவினருடன் செய்ய அனுமதித்தால் பேருதவியாக இருக்கும். தவறவிடும் மராத்தித் தேர்வை 10-ஆம் தேதி எழுத அவள் தயாராக இருப்பாள்.

விடியுமுன் எழுந்து ஓடிவிட்டு, ஈரத் தலையோடு முதல் மணிக்கே வகுப்பில் உட்காரும் பிள்ளை அவள். தாங்கள் அனுமதி அளிப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முருகேசன்